தொடர்சேவை விளையாட்டுகளும் முழுமை விளையாட்டுகளும்

தொடர்சேவை விளையாட்டு (லைவ் சர்வீஸ் கேம்) என்பது நிறுவனத்தின் வழங்கியுடன் (சர்வர்) இணைந்திருக்கும்போது மட்டுமே இயங்கும், வெளியான பின்னரும் தொடர்ந்து மாற்றப்பட்டு வரும் நிகழ்பட விளையாட்டு ஆகும். ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, இணைய இணைப்பின்றி முடிவு வரை ஆடக்கூடியது முழுமை விளையாட்டு எனப்படுகிறது. இந்தியாவில் பப்ஜி மொபைல் 2020 இல் தடை செய்யப்பட்டபோது இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்பட்டது.

இயங்கும் முறை

பர்கூரில் ஒருவரும், ஓசூரில் ஒருவரும், பெங்களூரில் ஒருவரும் ஒரே அணியாகப் பப்ஜி ஆடுவதாகக் கொள்வோம். மூவரின் கைபேசிகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் எங்கே நகர்ந்தார், எப்போது சுட்டார் என்ற தகவல் வழங்கிக்குச் செல்கிறது. குண்டு பட்டதா இல்லையா என்பதை வழங்கி சரிபார்த்து அனைவருக்கும் திருப்பி அனுப்புகிறது. வாங்கிய உடைகளும் துப்பாக்கி வண்ணங்களும் கூட வழங்கியில் உள்ள கணக்கில் எழுதப்பட்ட பதிவுகளே. கைபேசியில் இருப்பவை படங்கள், ஒலிகள், வரைபடங்கள் போன்ற கோப்புகளே. எனவே வழங்கி மறுத்துவிட்டால் கைபேசியில் உள்ள கோப்புகளால் பயனில்லை.

இந்தியாவில் பப்ஜி

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 69ஏ-இன் கீழ் 118 செயலிகளைத் தடை செய்தது. அவற்றுள் பப்ஜி மொபைலும் ஒன்று. செயலிக் கடைகளிலிருந்து அது நீக்கப்பட்டாலும், முன்பே பதிவிறக்கியிருந்தவர்களால் சில வாரங்கள் ஆட முடிந்தது. அக்டோபர் 30 அன்று இந்தியப் பயனர்களுக்கான வழங்கிச் சேவை நிறுத்தப்பட்ட பிறகே விளையாட்டு உண்மையில் நின்றது. கடையிலிருந்து நீக்குவதும் வழங்கியை நிறுத்துவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதை இது காட்டுகிறது.

தென்கொரியாவின் கிராப்டான் நிறுவனம், 2021 சூலை 2 அன்று பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா (பிஜிஎம்ஐ) என்ற பெயரில் இந்தியாவுக்கென ஒரு பதிப்பை வெளியிட்டது. பழைய கணக்கைச் சமூக வலைத்தளக் கணக்குடன் இணைத்திருந்தவர்கள் தம் பொருட்களைப் புதிய விளையாட்டுக்கு மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டது. 2022 சூலையில் இதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனை அனுமதியுடன் திரும்பியபோது, 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்பு இருந்தது. ஆடுபவர் எதையும் மாற்றாமலேயே அவருடைய விளையாட்டின் பெயரும் விதிகளும் மாறின.

அடிக்கடி மாறுவதன் காரணம்

இவ்வகை விளையாட்டுகள் பெரும்பாலும் இலவசம். ஆடுவோரில் ஒரு பகுதியினர் உடை, பருவச் சீட்டு போன்றவற்றுக்குத் தரும் பணத்தில்தான் வழங்கிச் செலவும் பணியாளர் சம்பளமும் நடக்கின்றன. புதிதாக ஏதும் வராவிட்டால் ஆடுவோர் குறைவர். ஆடுவோர் குறைந்தால் எதிரணி கிடைக்கக் காத்திருக்கும் நேரம் கூடும். அதனால் மேலும் பலர் விலகுவர். இதைத் தவிர்க்கவே சில வாரங்களுக்கொரு முறை புதிய பருவம் தொடங்கப்படுகிறது. அனைவரும் ஒரே வழங்கியில் சந்திப்பதால் பழைய பதிப்பிலேயே இருந்துகொள்ளவும் முடியாது. வருமானம் செலவை ஈடுசெய்யாதபோது வழங்கி மூடப்படுகிறது.

விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கும் இது நேரலாம். யுபிசாப்ட் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட "தி க்ரூ" என்ற கார் பந்தய விளையாட்டு, தனியாக ஆடுவதற்கும் இணைப்பைக் கேட்டது. 2024 மார்ச் 31 அன்று வழங்கி நிறுத்தப்பட்டதும், வட்டு வாங்கி வைத்திருந்தவர்களாலும் அதை ஆட முடியவில்லை.

முழுமை விளையாட்டின் நிலை

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020 இல் வெளியிட்ட "ராஜி: அன் ஏன்சியன்ட் எபிக்" ஒருவர் மட்டும் ஆடும் கதை விளையாட்டு. எதிரிகளின் நகர்வை ஆடுபவரின் கருவியே கணக்கிடுகிறது. சேமித்த நிலையும் கருவியிலேயே இருக்கிறது. ஆகவே ஆடுவோர் எண்ணிக்கை குறைந்தாலும் வாங்கியவரின் ஆட்டம் பாதிக்கப்படுவதில்லை. ஆயினும் இத்தகைய விளையாட்டுகளுக்கும் எல்லை உண்டு. 2017 இல் ஐஓஎஸ் 11 வந்தபோது, புதுப்பிக்கப்படாத 32 பிட் விளையாட்டுகள் ஐபோன்களில் திறக்காமல் போயின. பழைய கருவியை அப்படியே வைத்திருந்தவர்களால் மட்டும் தொடர்ந்து ஆட முடிந்தது.

வேறுபாட்டை அறிதல்

விளையாட்டை நிறுவி ஒருமுறை திறந்த பின், கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து மீண்டும் திறக்க வேண்டும். ஒரு நிலையை முழுதாக ஆடி, மூடித் திறந்த பிறகும் முன்னேற்றம் அப்படியே இருந்தால் அந்தப் பகுதி வழங்கியைச் சார்ந்ததல்ல. உள்நுழைவுத் திரையிலேயே நின்றுவிட்டால் அது தொடர்சேவை விளையாட்டாகவோ, "தி க்ரூ" போல இணைப்பை வற்புறுத்தும் விளையாட்டாகவோ இருக்கும். அதில் வாங்கும் உடைக்குத் தரும் பணம், வழங்கி இயங்கும் காலம் வரை பயன்படுத்துவதற்கான கட்டணமே ஆகும்.