"மேற்படி நபர் எண்டால் என்ன அர்த்தம், தம்பி?"

கடந்த வருடம் ஒரு நாள் மாலை அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் முல்லைத்தீவில் இருக்கும் ஒரு தாய். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிய அவருடைய முறைப்பாடு எங்களிடம் ஒரு கோப்பாக இருக்கிறது. அவருக்கு மின்னஞ்சல் பார்க்கத் தெரியாது. சுவிற்சர்லாந்தில் இருக்கும் மகள்தான் நாங்கள் அனுப்புவதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவார்.

"தம்பி, முதல் கடிதத்தில 'அண்ணா' எண்டு எழுதினியள். பிறகு 'உங்கள் மகன்' எண்டு வந்தது. இப்ப 'மேற்படி நபர்' எண்டு வந்திருக்கு. மேற்படி நபர் எண்டால் என்ன அர்த்தம், தம்பி? ஏதும் முடிவாகிட்டுதோ? மரணச் சான்றிதழ் தரப்போறாங்களோ?"

எதுவும் முடிவாகவில்லை. கோப்பில் எந்த மாற்றமும் இருக்கவில்லை. அந்த 3 மின்னஞ்சல்களையும் எழுதியவர்கள் 3 பேர். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தத் தாய் இரண்டு இரவுகள் நித்திரை கொள்ளவில்லை என்று மகள் பின்னர் சொன்னார்.

கிளிநொச்சியில் நாங்கள் நடத்துவது மிகச் சிறிய உதவி நிலையம். முறைப்பாடு எழுதிக் கொடுப்பது, ஆவணங்களைச் சேர்த்து அனுப்புவது, பதில் வந்ததா என்று பார்த்துக் குடும்பத்துக்குச் சொல்வது ஆகியவையே எங்கள் வேலை. ஒரே மின்னஞ்சல் முகவரியிலிருந்து மூவரும் எழுதுகிறோம். அன்று இரவு அந்த 3 மின்னஞ்சல்களையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தேன். பெயர்களை நீக்கிவிட்டு அவற்றின் முக்கிய வரிகளைத் தருகிறேன்.

முதலாவது: "வணக்கம் அம்மா, அண்ணாவின்ர கோப்பைப் பார்த்தேன். கவலைப்படாதேங்கோ, கெதியில ஒரு பதில் எடுத்துத் தாறம்."

இரண்டாவது: "அன்புடையீர், உங்கள் மகன் தொடர்பான முறைப்பாட்டை நாம் தொடர்ந்து கவனித்து வருகிறோம்."

மூன்றாவது: "காணாமல்போன மேற்படி நபரின் ஆவணங்கள் உரிய பகுதியினருக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளன என்பது இத்தால் அறியத்தரப்படுகின்றது. மேலதிக நடவடிக்கை எதுவும் தற்போது தேவைப்படாது."

முதலாவதை எழுதியவர் எங்களுடன் வேலை செய்யும் தங்கச்சி. அவர் எழுதிப் பழகியது கைத்தொலைபேசிச் செய்திகளில். மூன்றாவதை எழுதிய ஐயா அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய கைக்கு 'மேற்படி'யும் 'இத்தால்'உம் தானாகவே வரும். இரண்டாவது நான் எழுதியது. நிறுவன அறிக்கைகளுக்கு எழுதியெழுதி, எதையும் சொல்லாமலே ஒரு வசனத்தை முடிக்கப் பழகியவன் நான். மூவரிலும் யாரும் அக்கறையின்றி எழுதவில்லை. ஒவ்வொருவரும் தான் கற்ற கடித மொழியில் மரியாதையாகத்தான் எழுதியிருந்தோம்.

அடுத்த வாரம், இரண்டு மாதங்களில் நாங்கள் அனுப்பிய 40 மின்னஞ்சல்களை அச்செடுத்து, எழுதியவரின் பெயரை மறைத்து மேசையில் பரப்பினோம். தொனி எங்கே மாறுகிறது என்று பேனையால் கோடிட்டோம். இரண்டு காரணங்கள் தெளிவாகத் தெரிந்தன.

ஒன்று, புதிய மின்னஞ்சல் எழுதும்போது ஒவ்வொருவரும் தன்னுடைய பழைய மின்னஞ்சலைத் திறந்து, பிரதி எடுத்து, திருத்துகிறோம். மற்றவர் எழுதியதைப் பார்ப்பதில்லை. ஆரம்பத்தில் இருந்த சிறிய வேறுபாடு ஒவ்வொரு பிரதியிலும் கொஞ்சம் கூடுகிறது.

மற்றது, எங்களை அறியாமலே எதிரில் இருப்பவரின் தொனியை நாங்கள் திருப்பித் தருகிறோம். கோபத்துடன் எழுதிய குடும்பத்துக்கு எங்கள் பதில் விறைப்பாகப் போயிருந்தது. அன்பாக எழுதியவருக்கு அளவுக்கு மீறி வாக்குறுதி கொடுத்திருந்தோம். சொல்ல எதுவும் இல்லாதபோது மூவருமே செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொண்டோம். 'அனுப்பப்பட்டுள்ளது', 'கவனிக்கப்படும்' என்று எழுதினால், யார் அனுப்பினார், யார் கவனிப்பார் என்று சொல்லத் தேவையில்லை அல்லவா?

வேறொரு இடத்தில் இவை சிறிய விடயங்களாக இருக்கலாம். எங்கள் வாசகர்கள் பல ஆண்டுகளாக ஆணைக்குழுக்களிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் வந்த கடிதங்களை வரிக்கு வரி வாசித்து, சொல்லாமல் விட்டது என்ன என்று தேடிப் பழகியவர்கள். அவர்களைப் பொறுத்தவரை ஒரு சொல் மாறினால் அது ஒரு செய்தி.

முதலில் நான் எழுதிய வழிகாட்டி 7 பக்கம். ஒருவரும் அதை இரண்டாம் முறை திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பிறகு அந்த 40 மின்னஞ்சல்களிலும் அதிகமாகக் கோடு விழுந்த 5 இடங்களை மட்டும் எடுத்து ஒரே பக்கத்தில் எழுதி, கணினிக்குப் பக்கத்தில் ஒட்டினோம்.

முதல் இடம் விளிப்பு. 'வணக்கம் அம்மா', 'வணக்கம் ஐயா', வயதில் இளையவர் என்றால் 'வணக்கம்' என்பதுடன் அவருடைய பெயர். பின்னர் 'நீங்கள்'. 'தாங்கள்' இல்லை, 'அன்ரி'யும் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒருமுறை எழுதிய விளிப்பைக் கோப்பின் அட்டையில் குறித்து வைக்கிறோம். அடுத்தவர் அதையே எழுதுவார்.

இரண்டாவது இடம்தான் எங்களை அதிக நேரம் பேச வைத்தது. தேடப்படுபவரை எப்படிக் குறிப்பிடுவது? முடிவு: எப்போதும் உறவும் பெயரும். 'உங்கள் மகன்' என்று எழுதி அவர் பெயர். 'மேற்படி நபர்' இல்லை. 'அன்னார்' இல்லை, ஏனென்றால் அது மரண அறிவித்தலில் வரும் சொல். 'வாழ்ந்தவர்', 'இருந்தவர்' என்ற இறந்தகாலமும் இல்லை. பொதுவாகச் சொல்லும்போது 'காணாமல் ஆக்கப்பட்டவர்கள்' என்றே எழுதுகிறோம், குடும்பங்கள் சொல்வதும் அதுதான். இங்கே ஐயா ஒரு நியாயமான கேள்வி கேட்டார். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரிலேயே 'காணாமற்போன ஆட்கள்' என்றுதானே இருக்கிறது, அதை நாங்கள் மாற்றலாமா? மாற்றக்கூடாது. அலுவலகத்தின் பெயரையும் படிவத்தின் தலைப்பையும் இருக்கிறபடியே எழுத வேண்டும், இல்லாவிட்டால் குடும்பம் பிழையான இடத்தைத் தேடிப்போகும். எங்கள் சொந்த வசனத்தில் மட்டும் எங்கள் சொல். வழிகாட்டியில் இதற்கு இரண்டு வரிகள் இருக்கின்றன.

மூன்றாவது, முதல் வசனம். கோப்பில் மாற்றம் உண்டா, இல்லையா என்பதை அதிலேயே சொல்ல வேண்டும். விளிப்புக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் தேடுவது அதைத்தான்.

நான்காவது, 'நாங்கள்'. தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் அதற்குள் வருவார். 'நாங்கள்' என்றால் வரமாட்டார். நான் எல்லா இடத்திலும் 'நாம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். 'நாம் ஆவணங்களை அனுப்ப வேண்டும்' என்ற என் வரியை வாசித்த ஒரு குடும்பம், அனுப்ப வேண்டியது தாங்கள்தான் என்று நினைத்து மன்னாரிலிருந்து பஸ் எடுத்து வந்திருந்தது. இப்போது அலுவலகம் செய்வது 'நாங்கள்', குடும்பம் செய்ய வேண்டியது 'நீங்கள்', இருவரும் சேர்ந்து செய்வது மட்டும் 'நாம்'. செய்தவர் யார் என்று தெரியாத செயப்பாட்டு வினை இல்லை.

ஐந்தாவது, நேரம். 'விரைவில்', 'கெதியில்' என்ற சொற்களை எடுத்துவிட்டோம். பதிலாக ஒரு திகதி. பதில் வரும் திகதி எங்கள் கையில் இல்லை. ஆனால் நாங்கள் அடுத்ததாக எழுதப்போகும் திகதி எங்கள் கையில்தான் இருக்கிறது. அதை எழுதலாம், காப்பாற்றவும் முடியும்.

இந்த ஐந்தையும் வைத்து, அந்தத் தாய்க்கு அனுப்பிய மூன்றாவது மின்னஞ்சலை ஐயாவே திரும்ப எழுதினார்:

"வணக்கம் அம்மா, உங்கள் மகனைப் பற்றிய முறைப்பாட்டில் இன்றுவரை புதிய தகவல் எதுவும் வரவில்லை. நீங்கள் தந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியை 4 ஆம் திகதி நாங்கள் பதிவுத்தபாலில் அனுப்பினோம். நீங்கள் இப்போது எதுவும் செய்யத் தேவையில்லை. அடுத்த மாதம் 10 ஆம் திகதி, பதில் வந்தாலும் வராவிட்டாலும், உங்களுக்கு எழுதுவோம்."

'உங்கள் மகனை' என்ற இடத்தில் அவருடைய பெயரும் இருந்தது. கீழே எழுதியவரின் பெயர், அலுவலகத் தொலைபேசி இலக்கம். பழைய மின்னஞ்சலில் இருந்த அதே தகவல்தான். ஆனால் 'மேலதிக நடவடிக்கை தேவைப்படாது' என்பதைக் கோப்பு மூடப்பட்டதாக அந்தத் தாய் விளங்கிக்கொண்டார். 'நீங்கள் இப்போது எதுவும் செய்யத் தேவையில்லை' என்பதை அப்படி விளங்க இடமில்லை.

மூவரும் ஒரே அச்சில் எழுத வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. தங்கச்சியின் மின்னஞ்சல் இன்றும் ஐயாவுடையதைவிடக் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். ஒரு பிள்ளையின் தாய் எழுதும்போதும், வெளிநாட்டிலிருந்து ஆவணம் கேட்டு ஒருவர் எழுதும்போதும் தொனி மாறலாம். அந்த 5 இடங்கள் மட்டும் மாறக்கூடாது.

வழிகாட்டியும் பழுதாகும். இரண்டு மாதங்களின் பின்னர் எல்லா மின்னஞ்சல்களும் ஒரே முடிவுரையுடன் போவதைக் கவனித்தோம். 'உங்கள் துயரில் பங்கெடுக்கிறோம்' என்று நான் ஒருமுறை எழுதியதை மற்றவர்கள் பிரதி எடுத்திருந்தார்கள். அடையாள அட்டைப் பிரதி கேட்ட மின்னஞ்சலிலும் அது இருந்தது. அதை வாசிக்கும் குடும்பம் என்ன நினைக்கும்? அந்த வரியை நிறுத்தினோம். இப்போது மாதத்தில் ஒரு நாள், அனுப்பிய மின்னஞ்சல்களில் 5ஐ எடுத்து, பெயரை மறைத்து, அந்த 5 இடங்களையும் பார்க்கிறோம். விளிப்பையோ திகதியையோ வைத்து எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடிந்தால் எங்கோ விலகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு அரை மணித்தியாலம் போதும். திருத்தத்தைத் திகதியுடன் பக்கத்தின் அடியில் எழுதுகிறோம். பக்கம் நிறைந்துவிட்டால், புதிதாக ஒரு வரி சேர்ப்பதற்குப் பழைய வரி ஒன்றை எடுத்தே ஆகவேண்டும்.

வழிகாட்டியின் கடைசி வரி, எதை மின்னஞ்சலில் எழுதக்கூடாது என்பது. எலும்புக்கூடு, உடை, மரபணுப் பரிசோதனை பற்றிய எந்தத் தகவலையும் நாங்கள் மின்னஞ்சலில் அனுப்புவதில்லை. அதற்கு ஒருவர் நேரில் போவார். போக முடியாத இடமென்றால், குடும்பத்தில் இன்னொருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டறிந்த பிறகு தொலைபேசியில் பேசுவார். எவ்வளவு நல்ல வசனமாக இருந்தாலும், அதை அந்தத் தாய்க்கு மகள் தொலைபேசியில் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். அந்தச் சுமையை மகளிடம் கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை.

அடுத்த மாதம் 10 ஆம் திகதி பதில் எதுவும் வரவில்லை. வரவில்லை என்று தங்கச்சி எழுதினார். அன்று மாலை அந்தத் தாய் எடுத்தார்.

"கடிதம் வந்தது தம்பி. ஒண்டும் இல்லை எண்டு விளங்கிச்சுது. அடுத்தது எப்ப எழுதுவியள்?"

திகதி அந்த மின்னஞ்சலில் இருந்தது. இருந்தாலும் அவர் கேட்டார், நானும் சொன்னேன்.