மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

கிணற்று மேட்டில் மோனோபிளாக் பம்ப், 5 மீட்டர் கீழே தண்ணீர். பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. அது உள்ளே அழுத்தத்தைக் குறைக்க, வெளிக்காற்றின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுகிறது. உள்ளே காற்று புகுந்தால் அது நடக்காது. 30 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் இம்பெல்லர், காற்றில் சுழலும்போது உறிஞ்சு குழாயில் 4 சென்டிமீட்டர்கூட ஏற்றாது. காற்று தண்ணீரைவிடச் சுமார் 800 மடங்கு லேசு என்பதே காரணம்.

குழாயின் அடியிலுள்ள ஃபுட்வால்வு, பம்ப் நின்றதும் மூடி, தண்ணீரை இறங்கவிடாமல் பிடிக்கிறது. அதில் ஒரு சுள்ளி சிக்கினாலே போதும், விடிவதற்குள் குழாய் காலி. புனலில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். வெளியே கசிவின்றி மட்டம் இறங்கினால் பழுது வால்வில்தான். மட்டம் நின்றும், ஓடும்போது தண்ணீர் அறுந்தால், இணைப்பிலோ கிளாண்டிலோ காற்று புகுகிறது. உறிஞ்சும் பக்கம் என்பதால் அங்கே சொட்டாது.

செல்ஃப் பிரைமிங் பம்ப் தன் வயிற்றில் கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொள்கிறது. இம்பெல்லர் அதைக் காற்றோடு கலக்கும். காற்று மேலே பிரிந்து வெளியேற, தண்ணீர் திரும்பிவரும். குழாய்க் காற்று தீரும்வரை இது தொடரும். முதல்முறை நாம்தான் நிரப்ப வேண்டும். வெளியேற்றும் வால்வும் திறந்திருக்க வேண்டும். மின்சாரம் சற்றுக் கூடுதலாகும். தண்ணீர் 7 மீட்டருக்குக் கீழே போனால் இரண்டையும் நம்பாதீர்கள்; நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறுங்கள்.