ஏழரை லட்சத்தைத் தாண்டும் பி.எஃப்.

ஊழியரின் வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் கட்டும் பங்கு பொதுவாக வரிக்கு உட்படாது. ஊழியருக்காக ஓராண்டில் நிறுவனம் மூன்று நிதிகளில் கட்டும் தொகை மொத்தமாக 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊழியரின் சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். அங்கீகரிக்கப்பட்ட பி.எஃப்., தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்., வருமான வரித் துறை ஒப்புதல் பெற்ற சூப்பரானுவேஷன் நிதி ஆகியவையே அந்த மூன்று. ஊழியர் தன் சம்பளத்திலிருந்து கட்டும் பங்கு இந்தக் கணக்கில் சேராது.

நிர்மலா சீதாராமன் 2020 பிப்ரவரியில் தாக்கல் செய்த பட்ஜெட்டில் இந்த விதி வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிதிக்கும் தனித்தனி வரம்பு இருந்தது. பி.எஃப்.பில் சம்பளத்தில் 12 சதவீதம், என்.பி.எஸ்.ஸில் பெரும்பாலோருக்கு 10 சதவீதம், சூப்பரானுவேஷன் நிதியில் ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் உச்சவரம்பு கிடையாது. சதவீதத்தில் அமைந்த சலுகை, சம்பளம் ஏற ஏறத் தானும் ஏறும். மாதம் ஐம்பதாயிரம் வாங்குபவருக்கும் பத்து லட்சம் வாங்குபவருக்கும் அதே 12 சதவீதம்தான். ஆனால் வரியில்லாமல் ஒதுங்கும் தொகையில் இருபது மடங்கு வித்தியாசம். அதிகச் சம்பளக்காரர்களுக்குத் தகாத ஆதாயம் போகிறது என்பதே அரசு சொன்ன காரணம். பி.எஃப்., என்.பி.எஸ். சதவீத வரம்புகளின் மேல் இந்தப் பொது வரம்பு வந்து உட்கார்ந்தது; சூப்பரானுவேஷன் நிதியின் தனி வரம்புக்குப் பதிலாகவும் இதுவே வந்தது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் 7.5 லட்சம் மாறவில்லை.

இது கோடீஸ்வரர்களின் கவலை என்று தோன்றலாம். பி.எஃப். மட்டும் இருந்தால் ஓரளவு உண்மைதான்: அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 5.2 லட்சத்தைத் தொட்டால்தான் 12 சதவீதப் பங்கு வரம்பை எட்டும். என்.பி.எஸ். சேர்ந்தால் நிலைமை வேறு. புதிய வரி முறையில் நிறுவனம் சம்பளத்தில் 14 சதவீதம் வரை என்.பி.எஸ்.ஸில் கட்டுவதற்கு 2024-25 முதல் வரிக்கழிவு உண்டு. இந்தச் சலுகையை முழுதாகப் பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்து 26 சதவீதம். அப்போது மாதம் சுமார் 2.4 லட்சம் அடிப்படைச் சம்பளத்திலேயே வரம்பு வந்துவிடும். ஒரு பிரிவில் அகலத் திறந்த கதவை இன்னொரு பிரிவு பாதி சாத்தி வைத்திருக்கிறது.

ஒரு கற்பனை ஊழியரை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் மாதம் 3 லட்சம், ஆண்டுக்கு 36 லட்சம். நிறுவனம் பி.எஃப்.பில் 4,32,000 ரூபாயும் என்.பி.எஸ்.ஸில் 5,04,000 ரூபாயும் கட்டுகிறது. மொத்தம் 9,36,000. வரம்பைக் கழித்தால் மிஞ்சுவது 1,86,000. இந்தத் தொகை அவருடைய சம்பளத்தோடு சேரும். அவருடைய மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள் இருக்கிறது என்றால், 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 58,032 ரூபாய். அந்த 1,86,000 ரூபாயில் ஒரு காசும் கைக்கு வரவில்லை. வரி மட்டும் மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

விவகாரம் இத்தோடு முடிவதில்லை. வரம்பை மீறிய தொகை நிதியில் கிடந்து ஈட்டும் வட்டிக்கும் ஆதாயத்துக்கும் ஆண்டுதோறும் வரி உண்டு. அந்தத் தொகை தனிக் கணக்கில் வைக்கப்படுவதில்லை. மற்றப் பணத்தோடு கலந்தே கிடக்கிறது. அது எவ்வளவு ஈட்டியது என்று பிரித்துக் காண 2021 மார்ச்சில் வருமான வரி விதிகளில் 3பி என்ற விதி சேர்க்கப்பட்டது.

அதன்படி முதலில் நிதியின் சராசரி ஈட்டு விகிதத்தைக் காண வேண்டும். ஆண்டுத் தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி இருப்பு. அந்த ஆண்டின் வருமானத்தை அதனால் வகுத்தால் விகிதம். மேற்படி ஊழியரின் இரு கணக்குகளிலும் சேர்ந்து தொடக்க இருப்பு 60 லட்சம் என்போம். ஆண்டில் அவர் பி.எஃப்.பில் கட்டியது 4,32,000. நிறுவனம் கட்டியது 9,36,000. வட்டியும் ஆதாயமுமாக வந்தது 5,57,000. இறுதி இருப்பு 79,25,000. சராசரி 69,62,500. விகிதம் 8 சதவீதம்.

வரம்பு மீறிய தொகை ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதாமாதம் சேர்வதால், முதல் ஆண்டில் அதில் பாதிக்கு மட்டுமே இந்த விகிதம் பொருந்தும். 93,000 ரூபாயில் 8 சதவீதம் 7,440. இதற்கு வரி சுமார் 2,320 ரூபாய். மறு ஆண்டும் அதே சம்பளம், அதே விகிதம் என்றால், அந்த ஆண்டு மீறியதன் பாதிக்கு மறுபடி 7,440. கூடவே முந்தைய ஆண்டு மீறிய 1,86,000, அதன் மீது ஏற்கெனவே வரி கண்ட 7,440 இரண்டையும் சேர்த்த 1,93,440 ரூபாயில் முழு 8 சதவீதமாக 15,475. ஆக 22,915 ரூபாய் வருமானமாகக் கணக்கில் ஏறும். பழைய மீறல்கள் ஒவ்வோர் ஆண்டும் வட்டிக்கு வட்டியாகக் கூடவே வரும். பிறகு ஓராண்டில் நிறுவனப் பங்கு 7.5 லட்சத்துக்குள் இறங்கினாலும் பழைய தொகையின் ஈட்டுக்கு வரி நிற்பதில்லை.

நடைமுறைச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நிறுவனம் மார்ச் மாதத்துக்குள் கணக்கை முடித்து வரி பிடிக்க வேண்டும், பி.எஃப். வட்டியோ ஆண்டு முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான் கணக்கில் ஏறும். என்.பி.எஸ். ஆதாயம் சந்தையோடு ஏறி இறங்கும். அந்த இருப்பு விவரத்தைப் பெரும்பாலும் ஊழியரே எடுத்துத் தர வேண்டும். தராவிட்டால் நிறுவனம் முதல் பகுதிக்கு மட்டும் வரி பிடித்து, ஈட்டுப் பகுதியை விட்டுவிட வாய்ப்பு உண்டு. இரண்டும் சேர்ந்தனவா என்பதைப் படிவம் 16உடன் வரும் 12பிஏ படிவத்தில் பார்க்கலாம். விடுபட்டிருந்தால் வருமான வரிக் கணக்கில் ஊழியரே காட்ட வேண்டும்.

ஆண்டு நடுவில் வேலை மாறியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்கு மட்டும் 7.5 லட்சத்துக்குள் இருப்பதாகவே பார்க்கும். இரண்டும் சேர்ந்து தாண்டியிருக்கும். முந்தைய வேலையின் விவரங்களைப் படிவம் 12பி மூலம் புதிய நிறுவனத்திடம் தருவது இதற்காகவும்தான்.

இதே நிதியைத் தொடும் வேறொரு விதியோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். ஊழியர் தன் பங்காக பி.எஃப்.பில் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்கு மேல் கட்டினால், மிகைப் பகுதியின் வட்டிக்கு 2021-22 முதல் வரி உண்டு. அதில் கட்டிய அசல் புதிய வருமானமாகாது. வட்டி மட்டும் ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் வரும். அதற்கு பி.எஃப். கணக்குக்குள்ளேயே தனிப் பிரிவு வைக்கப்படுகிறது. நம் ஊழியர் தன் பங்காக 4,32,000 கட்டுவதால் அந்த விதியும் அவருக்கு உண்டு.

வரி கட்டிய பணம் பிற்காலத்தில் கைக்கு வரும்போது மறுபடி வரி உண்டா? ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்தவரின் பி.எஃப். தொகைக்கு, எடுக்கும்போது வரியில்லை. என்.பி.எஸ்.ஸில் கதை அப்படியல்ல. அதில் ஒரு பகுதியைக் கொண்டு வாங்கும் ஆனுவிட்டியிலிருந்து வரும் மாத ஓய்வூதியம் முழுவதும் வரிக்கு உட்பட்டது. வரம்பை மீறியதற்காக முன்பே கட்டிய வரிக்கு அங்கே கழிவு எதுவும் இல்லை. ஒரே பணம் இருமுறை வரி காணும் இந்த இடம் விதியின் பலவீனமான மூலை. ஆகவே வரம்பை நெருங்கும் ஊழியர்கள், சம்பள அமைப்பை மாற்ற நிறுவனம் இடம் தந்தால், முதலில் குறைக்கச் சொல்வது பெரும்பாலும் என்.பி.எஸ். பங்கைத்தான்.