எல்லா மெயிலும் ‘அர்ஜென்ட்’ என்றால் எது அர்ஜென்ட்? சப்ஜெக்ட் லைனில் போடும் முத்திரைகள் வேலை செய்யாமல் போவது எப்படி?

காலையில் அலுவலக மெயிலைத் திறந்தால் வரிசையாக ‘அர்ஜென்ட்’, ‘ஆக்‌ஷன் ரெக்வயர்ட்’, ‘எஃப்.ஒய்.ஐ’. இதில் எதை முதலில் திறப்பது? பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். அனுப்பியவர் பெயரைப் பார்ப்பார்கள், மேலதிகாரி என்றால் திறப்பார்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். சப்ஜெக்ட் லைனின் தொடக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் முத்திரையைக் கண் தாண்டிப் போய்விடும்.

அவசரத்தைக் காட்டத்தான் அந்த முத்திரையே வந்தது. அப்படியிருக்க, அதையே யாரும் பார்க்காத நிலை ஏன் வருகிறது? ஒரு கற்பனை உதாரணத்தோடு பார்க்கலாம்.

90 ஆயிரம் ரூபாய் நின்றுபோன கதை

கோவையில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு 5 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் வரி மட்டும் 90 ஆயிரம் ரூபாய். பில் போடும்போது வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் மாறிவிடுகிறது.

வாடிக்கையாளர் தரப்பில் அதைக் கவனித்து, ஜூலை 10ஆம் தேதி காலையில் மெயில் அனுப்புகிறார்கள். மாதாமாதம் கணக்கு தாக்கல் செய்யும் நிறுவனங்கள், முந்தைய மாத விற்பனை விவரத்தை 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஏற்ற வேண்டும். ஆக, திருத்த ஒன்றரை நாள்தான் இருக்கிறது. உண்மையிலேயே அவசரம். வந்த மெயிலின் சப்ஜெக்ட் இது:

```
URGENT || ACTION REQUIRED || Reg. invoice
```

கணக்குப் பிரிவில் இருக்கும் ஊழியருக்கு அன்று வந்தது 60 மெயில். அதில் 18 மெயில்களில் ‘அர்ஜென்ட்’ இருந்தது. அந்தப் பதினெட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 7 மெயில்கள், போன வாரமே முடிந்துபோன ஒரு விவகாரத்துக்கு வந்த பதில்கள். ‘தேங்க்ஸ்’, ‘நோட்டட்’ என்று ஒற்றை வார்த்தைதான் உள்ளே. ஆனால் தலைப்பில் பழைய ‘அர்ஜென்ட்’ அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது. 5 மெயில்கள், பயிற்சிப் படிவத்தை நிரப்புங்கள் என்று எல்லா ஊழியர்களுக்கும் போனவை. 3 மெயில்கள் பொருள் விற்க வந்தவர்கள் அனுப்பியது. ஒன்று, மாதக் கடைசியில் கட்ட வேண்டிய பணத்துக்கு முன்கூட்டியே வந்த நினைவூட்டல். மிச்சம் இரண்டுதான் அன்றே பார்க்க வேண்டியவை.

அதாவது ஒன்பதுக்கு ஒன்று. ‘அர்ஜென்ட்’ என்று திறந்த ஒன்பதில் எட்டு முறை ஒன்றுமில்லை என்றால், ஒன்பதாவதையும் நிதானமாகத் திறக்கத்தான் மனிதர்கள் பழகுவார்கள். இதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. அந்த முத்திரை அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடமே அதுதான்.

11ஆம் தேதி தவறான எண்ணோடு படிவம் தாக்கலாகிறது. 14ஆம் தேதி வாடிக்கையாளரின் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியல் உருவாகும்போது அந்த பில் அதில் இல்லை. பட்டியலில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. “எங்களுக்கு வரவு வந்த பிறகு வரித் தொகையைத் தருகிறோம்” என்று அவர்கள் 90 ஆயிரத்தை நிறுத்தி வைக்கிறார்கள். சிறு நிறுவனத்துக்கு அது சிலருடைய மாதச் சம்பளம்.

அந்தக் காலத்தில் அவசரத்துக்குக் காசு கொடுக்கணும்

அவசரத்தைத் தரம் பிரிப்பது மெயிலோடு வந்த பழக்கம் கிடையாது. தந்தி இருந்த காலத்தில் சாதாரணத் தந்தி, எக்ஸ்பிரஸ் தந்தி என இரண்டு உண்டு. எக்ஸ்பிரஸுக்குக் கட்டணம் இரு மடங்கு. டிரங்க் கால் புக் செய்து பேசிய நாட்களில் ‘ஆர்டினரி’, ‘அர்ஜென்ட்’, ‘லைட்னிங்’ என்று மூன்று வகை. மின்னல் வேகத்தில் இணைப்பு வேண்டும் என்றால் சாதாரணக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கட்ட வேண்டும்.

ஆகவே, எது அவசரம் என்பதை அனுப்புகிறவர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தார். ‘தந்தி வந்திருக்கு’ என்றாலே வீட்டில் அழத் தொடங்கிய ஊர்கள் இருந்தன. அத்தனை அரிதாக வந்ததால்தான் அதற்கு அந்தக் கனம். 2013 ஜூலையோடு இந்தியாவில் தந்தி சேவையே முடிந்துபோனது.

மெயிலில் ‘அர்ஜென்ட்’ போட ஒரு பைசா செலவில்லை. போடுகிறவருக்கு இலவசம். திறந்து பார்த்து ஏமாறும் செலவு முழுக்கப் பெறுகிறவர் தலையில் விழுகிறது. தன் மெயிலை மட்டும் மேலே கொண்டுவர ஒருவர் போட்டால், பக்கத்து மேசைக்காரரும் போடத்தான் செய்வார். போடாதவரின் மெயில் அடியில் போய்விடுமே!

சிவப்பு ஆச்சரியக்குறி போட்டால் வேகமாகப் போகுமா?

போகாது. அவுட்லுக் போன்ற மென்பொருளில் ‘ஹை இம்பார்ட்டன்ஸ்’ பொத்தானை அழுத்தினால், மெயிலின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் இப்படிச் சில வரிகள் சேரும்:

```
Importance: high
X-Priority: 1
```

பெறுகிறவரின் மென்பொருள் இதைப் படித்துச் சிவப்புக் குறி காட்டலாம், காட்டாமலும் விடலாம். சாதாரண மெயிலைவிட அது முன்னால் போய்ச் சேரும் என்று நினைக்க வேண்டாம்.

ராணுவம் இதை எப்படிச் சமாளிக்கிறது?

நேட்டோ நாடுகளின் ராணுவத் தகவல் தொடர்பில் நான்கு படிகள் உண்டு: ரொட்டீன், பிரையாரிட்டி, இம்மீடியட், ஃப்ளாஷ். எதிரியை முதன்முதலில் எதிர்கொண்ட செய்தி போன்றவற்றுக்கு மட்டுமே ஃப்ளாஷ். அதைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுசேர்ப்பது இலக்கு. ஒவ்வொரு படிக்கும் இப்படி ஒரு கால அளவு இருப்பதால், ‘இம்மீடியட்’ என்றால் எவ்வளவு சீக்கிரம் என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அங்கே செய்தியைப் பெறுகிறவர்கள் இரண்டு வகை. செயல்பட வேண்டியவர்கள் ஒரு பக்கம், தகவலுக்காக மட்டும் பெறுகிறவர்கள் ஒரு பக்கம். ஒரே செய்திக்கு இரண்டு படிகள் கொடுக்கலாம். செயல்பட வேண்டியவருக்கு ‘இம்மீடியட்’, தெரிந்துகொள்ள வேண்டியவருக்கு ‘ரொட்டீன்’.

மெயிலில் இது முடியாது. ‘டூ’வில் இருக்கும் ஒருவருக்கும் ‘சிசி’யில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் போவது ஒரே சப்ஜெக்ட் லைன். ‘ஆக்‌ஷன் ரெக்வயர்ட்’ என்று பார்த்ததும் பதின்மூன்று பேரும் திறக்கிறார்கள். பன்னிரண்டு பேருக்கு அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை. அடுத்த முறை அவர்கள் திறக்கமாட்டார்கள். அதற்கடுத்த முறை, செய்ய வேண்டியவர் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக இருப்பார். “வேற யாராவது பார்த்திருப்பாங்கன்னு நினைச்சேன்” என்ற பதில் பிறப்பது இங்கேதான்.

நம் மத்திய அரசு அலுவலகக் கோப்புகளுக்கும் ‘இம்மீடியட்’, ‘பிரையாரிட்டி’ போன்ற அவசரக் குறிகள் அலுவலக நடைமுறைக் கையேட்டிலேயே வகுக்கப்பட்டுள்ளன. கோப்பு நகரும் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் குறி இன்னும் தேவையா என்று பார்த்து மாற்றச் சொல்கிறது விதி. மெயிலில் இல்லாமல் போனது இதுதான். யாரும் முத்திரையைக் கழற்றுவதில்லை. ‘ரிப்ளை’ அழுத்தினால் பழைய தலைப்பே தொடரும். மாற்றினாலும் ஒரு சிக்கல் உண்டு. ஜிமெயிலில் தலைப்பை மாற்றி பதில் போட்டால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். அதனால் பலர் தொடுவதே இல்லை.

‘எஃப்.ஒய்.ஐ’ தொல்லை தராத முத்திரையா?

பார்க்க அப்பாவி, ஆனால் ஆபத்து வேறு மாதிரி. ‘தகவலுக்காக’ என்றால் ‘நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று பொருள். ஆனால் நீண்ட மெயில் சங்கிலியை அப்படியே ஃபார்வர்டு செய்து, மேலே ‘எஃப்.ஒய்.ஐ’ என்று மட்டும் போட்டு அனுப்புவார்கள். நான்காவது மெயிலின் மூன்றாவது பத்தியில் பெறுகிறவரின் பெயரைச் சொல்லி ஒரு வேலை இருக்கும். அவர் படித்திருக்கமாட்டார். பிறகு பிரச்னை வரும்போது, “அன்னைக்கே அனுப்பினேனே” என்பார்கள். பல அலுவலகங்களில் இந்த முத்திரை அனுப்புகிறவரின் பாதுகாப்புக்கான ரசீதாகத்தான் பயன்படுகிறது.

மோசடிக்காரர்களுக்கும் பிடித்த வார்த்தைகள் இவைதான். ‘அர்ஜென்ட்: உங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்று வரும் போலி மெயிலுக்கும் அலுவலக மெயிலுக்கும் தலைப்பில் வித்தியாசம் தெரியாமல் போவது, கூடுதல் தலைவலி.

அப்போ எப்படி எழுதுவது?

மீண்டும் கோவை மெயிலுக்கு வருவோம். போனில் மெயில் பட்டியலைப் பார்க்கும்போது சப்ஜெக்டில் தெரிவது சுமார் 30, 40 எழுத்துகள்தான். அந்த மெயிலில் முத்திரைகளும் கோடுகளும் மட்டும் 29 எழுத்துகளைத் தின்றுவிட்டன. விஷயம் வருவதற்குள் வரி முடிந்துவிட்டது. அதே மெயிலை இப்படி அனுப்பியிருந்தால்?

```
By 11 July: correct GSTIN in invoice 214
```

அதே 29 எழுத்துக்குள் கெடு தேதி, செய்ய வேண்டிய வேலை, எதில் பிழை என்பது மூன்றும் வந்துவிடுகின்றன. ‘அர்ஜென்ட்’ என்ற சொல்லே இல்லை. ‘அர்ஜென்ட்’ என்பது அனுப்புகிறவரின் கருத்து, ‘11 ஜூலை’ என்பது காலண்டரில் சரிபார்க்கக்கூடிய விஷயம். தேதியைப் பொய்யாகப் போட்டால் அடுத்த நாளே தெரிந்துவிடும் என்பதால், அது அவ்வளவு சுலபமாக மலிந்துபோகாது. வேலையைச் செய்ய வேண்டியவரின் பெயரை மெயிலின் முதல் வரியில் எழுதி, அவரை மட்டும் ‘டூ’வில் வைத்தால் ‘ஆக்‌ஷன் ரெக்வயர்ட்’டும் தேவைப்படாது.

இதற்கும் எல்லை உண்டு. ஒருவர் மட்டும் திருந்தினால் மற்ற 17 ‘அர்ஜென்ட்’ மெயில்கள் குறையப்போவதில்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடக்க வேண்டிய வேலைக்கு மெயிலே சரியான வழி இல்லை, போன்தான். உங்கள் அலுவலகத்தில் நிலைமை எப்படி என்று தெரிய வேண்டுமா? ‘அர்ஜென்ட்’ என்று கடைசியாக வந்த 20 மெயில்களை எடுத்து, அன்றே செய்யாவிட்டால் ஏதாவது கெட்டிருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். பாதிகூடத் தேறவில்லை என்றால், ஊழியர்கள் அதை நம்புவதை எப்போதோ நிறுத்தியிருப்பார்கள்.

கோவை நிறுவனத்துக்கு என்ன ஆகும்? வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணை அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில்தான் திருத்த முடியும். ஆகஸ்ட் 11க்குள் அதைச் செய்தால், 14ஆம் தேதி உருவாகும் பட்டியலில் அந்த பில் வரும். 90 ஆயிரம் ரூபாய் அதற்குப் பிறகுதான் கைக்கு வரும்.