கானாவில் மிஞ்சிய ஒரே ஒரு சர்வர்

2017 ஜூன் 27, செவ்வாய்க்கிழமை. கோபன்ஹேகனில் உள்ள மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் தலைமையகத்தில் கணினித் திரைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கறுத்தன. உக்ரைனில் பலரும் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகப் புகுந்த ‘நாட்பெட்யா’ என்ற நாசநிரல், சில மணி நேரத்தில் அந்த நிறுவனத்தின் உலகளாவிய வலையமைப்பையே துடைத்துப் போட்டது.

கப்பல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை கடலில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எந்தப் பெட்டியில் என்ன சரக்கு, அது யாருக்குப் போக வேண்டும் என்று துறைமுகத்துக்குச் சொல்லும் கோப்புகளைப் படிக்க வழியில்லாமல் போனது. நிறுவனத்தின் 76 முனையங்களில் 17 முடங்கின. நியூ ஜெர்சியில் வாசற்கதவு திறக்காமல் லாரிகள் வரிசைகட்டி நின்றன. மும்பையை ஒட்டிய ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலும் ஒரு முனையம் நின்றது. தொழில் தொடர்ச்சித் திட்டம் எழுதுகிறவர்கள் முதல் பக்கத்தில் ‘முக்கியப் பணிகள்’ என்று குறிப்பது இதைத்தான். விலை உயர்ந்த பொருள் எது என்று அங்கே கேட்பதில்லை. எந்த வேலை நின்றால் மற்றவை எல்லாம் நிற்கும், அது எத்தனை மணி நேரம் நின்றால் தாங்கலாம் என்று கேட்கிறார்கள். மெர்ஸ்க்கின் விஷயத்தில் அந்த வேலை, பார்க்க அற்பமாகத் தெரியும் ஒரு சரக்குப் பட்டியல்.

அடுத்த அடி தொலைபேசியில் விழுந்தது. அலுவலக மின்னஞ்சலோடு இணைத்து வைத்திருந்த கைபேசிகளில் தொடர்பு எண்களும் அழிந்துவிட்டன. யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தாலும் எண் இல்லை. ஊழியர்கள் சொந்த வாட்ஸ்அப்பிலும் புதிதாகத் தொடங்கிய ஜிமெயில் கணக்குகளிலும் வாடிக்கையாளர்களைச் சமாளித்தார்கள்.

‘அழைப்பு மரம்’ என்ற ஏற்பாடு இந்த நேரத்துக்கானது. தலைமை அதிகாரி மூன்று நான்கு பேரை அழைப்பார். அவர்கள் ஒவ்வொருவரும் அடுத்த மூன்று நான்கு பேரை அழைப்பார்கள். ஒருவர் எடுக்காவிட்டால் செய்தி அங்கேயே நின்றுவிடக் கூடாது. அவருக்குக் கீழே இருப்பவர்களையும் அழைத்தவரே அழைத்துவிட வேண்டும். கடைசிக் கிளையில் இருப்பவர் திரும்பத் தலைமைக்கு அழைத்து, கேட்ட செய்தியைச் சொல்ல வேண்டும். அந்த அழைப்பு வராவிட்டால் நடுவில் எங்கோ மரம் முறிந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பட்டியல் அலுவலகக் கணினியில் மட்டும் இருந்தால், கணினி விழும் நாளில் அதுவும் சேர்ந்து விழும். அச்சடித்த ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும்.

மீட்பு வேலை இங்கிலாந்தில், மெய்டன்ஹெட் நகரில் தொடங்கியது. தனித்தனி சர்வர்களுக்கு மூன்று முதல் ஏழு நாள் பழைய பேக்கப் கிடைத்தது. ஆனால் யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்று தீர்மானிக்கும் ‘டொமைன் கண்ட்ரோலர்’ சர்வர்களுக்கு எங்குமே பேக்கப் இல்லை. அவை திரும்பாமல் மற்ற எதுவும் எழாது. சுமார் 150 சர்வர்கள் தமக்குள் தகவலை நகல் எடுத்துக்கொண்டே இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்பது கணக்கு. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ‘பேக்கப் இருக்கிறதா’ என்ற கேள்விக்கு ‘இருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போகும் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. நகல் எல்லாம் ஒரே வலையில் இருந்தால் அது ஒற்றைப் பிரதிதான்.

தேடிக்கொண்டே போனதில் ஒன்று கிடைத்தது. கானா அலுவலகத்தில், தாக்குதலுக்குச் சற்று முன் மின்சாரம் போனதால் ஒரு சர்வர் வலையிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தப்பியிருந்தது. அதிலிருந்த தரவை இங்கிலாந்துக்கு இணையத்தில் அனுப்பினால் நாள்கணக்கில் ஆகும். அங்கே இணைய வேகம் அவ்வளவு குறைவு. ஆளே கொண்டுபோகலாம் என்றால், கானா ஊழியர் எவரிடமும் பிரிட்டன் விசா இல்லை. கடைசியில் ஒருவர் விமானத்தில் நைஜீரியா போய், விமான நிலையத்தில் வேறொரு ஊழியர் கையில் ஹார்ட் டிரைவைக் கொடுத்தார். அவர் அதோடு லண்டனுக்குப் பறந்தார்.

திட்டத்தில் ‘மாற்று ஆள்’ என்ற கட்டத்தில் பெயரை மட்டும் எழுதினால் போதாது என்பதை இந்தப் பயணம் காட்டுகிறது. அந்த ஆளுக்குக் கடவுச்சொல் தெரியுமா, சர்வர் அறைச் சாவி யாரிடம், அவரும் முதல் ஆளும் ஒரே ஊரில் ஒரே வெள்ளத்தில் மாட்டுவார்களா என்பதும் எழுதப்பட வேண்டும். மெர்ஸ்க் போன்ற நிறுவனமென்றால் விசாவும்.

அந்த டிரைவை வைத்து முதலில் டொமைன் கண்ட்ரோலர்களும், அவற்றின் மேல் துறைமுகச் சேவைகளும் முன்பதிவும், பிறகு ஊழியர் கணினிகளும் எழுந்தன. பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவியதாக நிறுவனத்தின் தலைவர் பின்னர் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். இழப்பு 25 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனம் கணக்கிட்டது.