ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னா, ஃப்ரிட்ஜ்ல எங்க?

அதியமான்கோட்டையிலிருந்து பேசறேன். எங்க வீட்டுல இருக்கறது ஒரே ஒரு சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். அதுல அம்மாச்சியோட இன்சுலின் குப்பி இருக்கு. அக்கா வேலைக்குப் போறதால எடுத்து வைக்கிற தாய்ப்பால் இருக்கு. பாப்பாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் சிரப் இருக்கு. மீதி இடத்துல தோசை மாவும் தக்காளியும். இந்த எபிசோட் அந்தப் பெட்டிக்குள்ள எது எங்க இருக்கணும்ங்கறதைப் பத்தி மட்டும்தான்.

முதல்ல இன்சுலின். திறக்காத குப்பி 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கணும்னு டப்பாவிலேயே போட்டிருக்கும். பெரும்பாலானவங்க 8-ஐத் தாண்டக்கூடாதுன்னுதான் கவலைப்படறாங்க. உண்மையில அதிக ஆபத்து கீழ்ப்பக்கம். இன்சுலின் ஒரு புரதம். சூட்டுல அது மெதுவா, நாள்கணக்குல வீரியம் இழக்கும். உறைஞ்சா ஒரே ராத்திரியில கெட்டுடும், திரும்ப உருகினாலும் பழைய நிலைக்கு வராது. 2018-ல பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் நோயாளிகள் வீட்டு ஃப்ரிட்ஜ்ல இன்சுலின் பக்கத்துல சின்ன சென்சார் வெச்சுப் பார்த்தாங்க. சராசரியா ஒரு நாளைக்கு ரெண்டரை மணி நேரம் இன்சுலின் அந்த 2-8 எல்லைக்கு வெளியே இருந்திருக்கு. சில ஃப்ரிட்ஜ்ல பூஜ்யத்துக்குக் கீழேயே போயிருக்கு. யாருக்கும் தெரியல. ஏன்னா ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு.

இது ஏன் நடக்குதுன்னு புரிய, நம்ம சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜைப் பாருங்க. குளிர் உற்பத்தி ஆகறது மேல இருக்கற ஐஸ் பெட்டியில மட்டும்தான். அங்கிருந்து குளிர்ந்த காத்து கனமா கீழே இறங்குது. விசிறி கிடையாது. அதனால ஐஸ் பெட்டிக்கு அடியில இருக்கற சில்லர் ட்ரேயும், மேல் தட்டோட பின்பக்கமும் ரொம்பக் குளிர். கீழேயும் முன்னாலயும் வர வர சூடு ஏறும். கதவு, ஒவ்வொரு தடவை திறக்கறப்பவும் வெளிக்காத்தை வாங்கிக்கும். உள்ளே இருக்கற குமிழ்ல 1, 2, 3-ன்னு எழுதியிருக்கே, அது டிகிரி இல்ல. எவ்வளவு குளிரணும்ங்கற அளவு, அவ்வளவுதான்.

சரி, அளந்துடலாம்னு ஒயர் வெச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கினேன். அதோட முனையைச் சும்மா தொங்க விடக்கூடாது. காத்தோட வெப்பநிலை கதவு திறந்ததும் தாவும், குப்பிக்குள்ள இருக்கற மருந்து அவ்வளவு வேகமா மாறாது. அதனால அரை டம்ளர் தண்ணிக்குள்ள முனையை வெச்சு, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு முழு நாள் விட்டு, விடியக்காலையிலயும் மத்தியானம் சமையல் முடிஞ்சதும் எண்ணைக் குறிச்சேன். சில்லர் ட்ரேயில காலையில டம்ளர் ஓரத்துல ஐஸ் படிஞ்சிருந்துச்சு. மேல் தட்டுப் பின்பக்கம் 2-லிருந்து 3. நடுத்தட்டு, கதவுக்கும் பின்சுவருக்கும் நடுவுல, 4-லிருந்து 6. காய்கறி டப்பா 8-9. கதவுல மத்தியானம் 12. இது எங்க ஃப்ரிட்ஜோட கணக்கு, உங்களுது வேற மாதிரி வரும். ஆனா மேலிருந்து கீழே போற வரிசை கிட்டத்தட்ட இதேதான்.

ஆக, இன்சுலினுக்கு நடுத்தட்டு, சுவரைத் தொடாம. டப்பாவோட ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு வெச்சா நல்லது. கதவுல வைக்கிறவங்க நிறைய. திறக்காத குப்பியை மாசக்கணக்குல அங்க வைக்கிறது சரியில்ல. ஆனா சில்லர் ட்ரேயா, கதவான்னு ரெண்டுதான் இருக்குன்னா, நான் கதவைத்தான் சொல்வேன்.

இதுல ஒரு பொறி இருக்கு. நம்ம மாவட்டத்துல சித்திரை வெயிலுக்குக் குமிழைக் கூட்டி வைப்போம். மார்கழி வந்ததும் குறைக்க மறந்துடுவோம். வெளியே குளிரும்போது உள்ளே வர்ற சூடு குறையுது, அதே குமிழ் எண்ணுக்கு நடுத்தட்டே 1, 0-ன்னு இறங்கிடும். அதனால பருவம் மாறும்போது ஒரு தடவை திரும்ப அளந்துக்கணும்.

உறைஞ்சதை எப்படிக் கண்டுபிடிக்கறது? பால் மாதிரி கலங்கலா இருக்கற 30/70 வகைன்னா, உள்ளங்கையில வெச்சு மெதுவா உருட்டிப் பாருங்க. சீரா கலங்காம திப்பி திப்பியா நின்னாலோ, கண்ணாடியில வெள்ளையா ஒட்டியிருந்தாலோ அதைப் போட்டுக்க வேண்டாம். தெளிவா இருக்கற வகைல இந்த வசதி இல்ல. உறைஞ்சு உருகினதும் பார்க்க நல்லாவே இருக்கலாம். ராத்திரி உறைஞ்சிருக்கும்னு சந்தேகம் வந்தா பார்வையை நம்பாம குப்பியை மாத்திடறதுதான் வழி. காரணமே இல்லாம சர்க்கரை அளவு ஏறினாலும் மருந்து மேல ஒரு கண் வைங்க.

தாய்ப்பாலுக்குக் கணக்கு தலைகீழ். அது உறைஞ்சா கெடாது, சூட்டுல கிருமி பெருகினாத்தான் கெடும். அதனால அதுக்குக் குளிர்ந்த மூலைதான் வேணும்: மேல் தட்டுப் பின்பக்கம். இன்சுலினுக்கு ஆகாத இடம் பாலுக்கு நல்ல இடம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஃப்ரிட்ஜ்ல 4 நாள் வரைக்கும்னு சொல்லுது, ஆனா அது 4 டிகிரி நிக்கற ஃப்ரிட்ஜுக்கு. கரண்ட் போய் வர்ற, நாளைக்கு இருபது தடவை திறக்கற எங்க வீட்டுக்கு 24 மணி நேரம்னு வெச்சிருக்கோம். குறைமாசத்துல பிறந்த குழந்தைன்னா உங்க மருத்துவர் சொல்ற நேரம்தான். வெளியே வைக்கலாம்னு சொல்ற 4 மணி நேரம்கூட 25 டிகிரி அறைக்குத்தான். ஏப்ரல்ல நம்ம அறை அப்படியா இருக்கு? எடுத்ததும் உள்ளே வெச்சுடுங்க. டப்பா மேல தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்க. மேல ஆடை மாதிரி பிரிஞ்சு நிக்கும், அது கெட்டதில்ல, மெதுவா சுழற்றினா கலந்துடும். சிங்கிள் டோர் ஐஸ் பெட்டியில மாசக்கணக்குல பால் சேர்த்து வைக்க நினைக்காதீங்க. தனிக்கதவு ஃப்ரீஸர் மாதிரி அது மைனஸ் 18-ல நிக்காது. ஐஸ் கரைக்க பட்டனை அமுக்கும் முன்னாடியும் பாலையும் மருந்தையும் ஐஸ் பையோட வேற பெட்டிக்கு மாத்திடுங்க. குப்பி மட்டும் ஐஸைத் தொடாம துணியில சுத்தியிருக்கட்டும்.

மத்த மருந்துகள் சுருக்கமா. தண்ணி கலக்கற ஆன்டிபயாடிக் சிரப், கலந்த பிறகு ஃப்ரிட்ஜ்னு லேபிள்ல போட்டிருந்தா நடுத்தட்டு. எத்தனை நாளுக்குள்ள முடிக்கணும்னும் அதுலயே இருக்கும். மாத்திரை அட்டைகளை உள்ளே திணிக்காதீங்க. வெளியே எடுக்கும்போதெல்லாம் ஈரம் படியும். 'கூல் பிளேஸ்'னு லேபிள்ல இருந்தா ஃப்ரிட்ஜ்னு அர்த்தமில்ல. இந்திய மருந்தியல் நூல்படி அது 8-லிருந்து 25 டிகிரி. 2-8-ன்னு எண் போட்டிருந்தாத்தான் ஃப்ரிட்ஜ் கட்டாயம்.

கரண்ட் போனா? கதவைத் திறக்காம இருந்தா சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதுக்கு மேல போனா முதல்ல கவலைப்பட வேண்டியது பாலுக்கு, இன்சுலினுக்கு இல்ல. கென்யாவோட தாதாப் அகதிகள் முகாம்ல, 25-லிருந்து 37 டிகிரி வரைக்கும் ஏறி இறங்கற வீட்டுச் சூட்டுல இன்சுலின் நாலு வாரம் வீரியம் குறையாம இருந்ததை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021-ல வெளியிட்டாங்க. அதுக்காக ஃப்ரிட்ஜே வேண்டாம்னு எடுத்துக்க வேண்டாம். ஒரு நாள் கரண்ட் இல்லன்னு குப்பியைத் தூக்கிப் போடவோ, பதறிப்போய் ஐஸ் கட்டிக்குள்ள புதைக்கவோ வேண்டாம். ஈரத்துணி சுத்தின மண்பானைக்குள்ள, நிழல்ல வெச்சாப் போதும். நம்ம ஊர்ல பானைக்கா பஞ்சம்!