உஷார்! எல்.இ.டி. சுவரில் ஒரு புள்ளி வைப்பதற்குள் படமே கெட்டுப்போகும்

கல்யாண ஆல்பம் செய்கிறவர்களே, உஷார்! லண்டன் மனோர் பார்க்கிலும் அதை ஒட்டிய ஈஸ்ட் ஹாமிலும் நம்மவர் வரவேற்பு மேடைகளில் துணித்திரை போய், எல்.இ.டி. சுவர் வந்துவிட்டது. எழுத்துப் பிழையும் அதோடு சேர்ந்து மேடையேறுகிறது. "வரவேற்கிறோம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "வரவேறகிறோம்" என்று மின்னும். மேடையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆல்பம் அச்சுக்குப் போகும் நேரத்தில் வீட்டார் கண்ணில் படும். "ஒரு புள்ளிதானே, வைத்துவிடுங்கள்" என்பார்கள். அந்த ஒரு புள்ளியில்தான் ஆபத்து இருக்கிறது.

படத்தை முழு அளவில் திறந்து பாருங்கள். வெள்ளை எழுத்துகளுக்குள் இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள் ஓடும். இதுதான் மொய்ரே. மேடையில் நின்று பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது, ஏனென்றால் இது சுவரில் இல்லை. சுவரின் விளக்குகளும் கேமரா சென்சாரின் பிக்சல்களும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் அமையும்போது பிறக்கும் கோலம் இது. சென்சாரில் சிவப்பையும் நீலத்தையும் படிக்கும் புள்ளிகள் இரண்டு பிக்சலுக்கு ஒன்றுதான் இருக்கும். விளக்குகளும் இரண்டு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கை நெருங்கினால் நிறப்பட்டை வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகைச் சுவர்களில் பரவலாகக் கிடைப்பது 3.9 மில்லிமீட்டர் வகை. அரை மீட்டர் பலகைக்கு 128 விளக்கு வீதம், 6 மீட்டர் சுவரில் குறுக்கே 1,536 விளக்குகள் இருக்கும். 6,000 பிக்சல் அகலப் படத்தில் அந்தச் சுவர் 3,200 பிக்சலை அடைத்தால், ஒரு விளக்குக்கு 2.08 பிக்சல் வருகிறது. இரண்டுக்கும் 2.08க்கும் உள்ள இந்தச் சின்ன வித்தியாசம்தான் 50 பிக்சலுக்கு ஒரு முறை திரும்பி வரும் பட்டையாகத் தெரிகிறது. அந்த 50 பிக்சலுக்குள் சரியாக 24 விளக்குகள் அடங்கும். இந்த 50ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வைக்க வேண்டிய புள்ளி 12 விளக்கு அகலம் என்றால், படத்தில் அது 25 பிக்சல், அதாவது அரைப் பட்டை. அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டுமா, பச்சையாக இருக்க வேண்டுமா என்பதை அது உட்காரும் இடம்தான் தீர்மானிக்கிறது. பக்கத்து எழுத்தின் புள்ளியை வெட்டி ஒட்டினால் அந்த இடத்து நிறமும் கூடவே வரும். பச்சைப் பட்டைக்கு நடுவே இளஞ்சிவப்புப் புள்ளி ஒன்று முழிக்கும். வெறும் வெள்ளையில் புதிதாக வரைந்தால், ஒட்டுப் பொட்டுப் போலத் தனியாகத் தெரியும்.

சரியான வழி இது. முதலில் புள்ளி வரவேண்டிய இடத்துக்கு அருகே பட்டையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே வரிசையில், முழு வெள்ளையாக ஒளிரும் ஓர் அகலமான இடத்தைத் தேடுங்கள். பூ வேலைப்பாடோ தடித்த எழுத்தோ போதும். அங்கிருந்து பட்டை அகலத்தின் முழு மடங்கில் நகர்த்த வேண்டும். நம் கணக்கில் 600 பிக்சல் தள்ளினால் 12 பட்டை, நிறம் பொருந்திவிடும், விளக்குப் புள்ளிகளும் வரிசைக்கு வந்துவிடும். 625 பிக்சல் தள்ளினால் நேர் எதிர் நிறம் வந்து உட்காரும். மேலும் கீழும் நகர்த்த நேர்ந்தால் அந்தத் திசைக்கும் இதே விதிதான். நகர்த்திய பிறகு புள்ளியின் வடிவத்துக்கு மாஸ்க் போடுங்கள். சுழற்றவோ பெரிதாக்கவோ கூடாது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தில் பட்டையின் அகலம் இடத்துக்கு இடம் மாறும். தொலைவிலிருந்து எடுத்து ஒட்டினால் பொருந்தாது. மிக அருகே உள்ள இடம் கிடைத்தால் மட்டும் முயலுங்கள். அடுத்தடுத்து எடுத்த இன்னொரு படத்திலிருந்து ஒட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். கையில் பிடித்த கேமரா ஒரே ஒரு பிக்சல் அளவு அசைந்தாலும், நம் கணக்கில் பட்டை 24 பிக்சல் இடம் மாறிவிடும்.

அடுத்தது ஒளிவட்டம். எழுத்தைச் சுற்றி மங்கலாகப் பரவும் இந்த வெளிச்சம், லென்ஸுக்குள் சிதறிய ஒளி. மென்மைக்காகப் பலர் மாட்டும் மிஸ்ட் ஃபில்டர் இதை இன்னும் பெருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மொய்ரே விளக்கெரியும் இடத்தில் மட்டும் இருக்கும், ஒளிவட்டத்தில் இருக்காது. மாஸ்க்கின் ஓரத்தை 10, 20 பிக்சல் மென்மையாக்கினால் நிறப்பட்டை ஒளிவட்டத்துக்குள் கசிந்துவிடும். ஓரம் 1 பிக்சல் அளவில் இருக்கட்டும். ஒளிவட்டத்தைத் தனி லேயரில் செய்யுங்கள். ஃபோட்டோஷாப்பில் `32 Bits/Channel` நிலைக்குப் போய், புள்ளியின் நகலை மங்கலாக்கி, `Linear Dodge (Add)` முறையில் மேலே சேர்க்க வேண்டும். சாதாரண 8 பிட் நிலையில் மங்கலாக்கினால் வட்டம் சோகையாக வரும், ஏனென்றால் அங்கே உள்ள எண்கள் உண்மையான ஒளி அளவைக் குறிப்பதில்லை. எவ்வளவு பரவ வேண்டும் என்பதற்கு, அதே சுவரில் தனித்து நிற்கும் இன்னொரு புள்ளியே அளவுகோல்.

இதிலிருந்து ஒரு முக்கியமான வேறுபாடு புரியும். விட்டுப்போன புள்ளியை வைப்பது ஒளியைக் கூட்டும் வேலை, செய்துவிடலாம். தேவையில்லாத புள்ளியை எடுப்பது கடினம். கறுப்பை வைத்து மறைத்தால், அதன் ஒளிவட்டம் மட்டும் ஆவியாகச் சுற்றி நிற்கும், நடுவில் குழி விழுந்திருக்கும். அங்கே இருக்க வேண்டியது கறுப்பல்ல, அருகிலுள்ள எழுத்துகள் சிதறவிட்ட மங்கல் ஒளி.

முடித்ததும் இரண்டு சோதனைகள். நிறச்செறிவை உச்சத்துக்கு ஏற்றுங்கள்: பட்டை பக்கத்து எழுத்திலிருந்து புள்ளிக்குள் தடையில்லாமல் ஓட வேண்டும். பிறகு இருட்டுப் பகுதியை மிகையாக வெளிச்சமாக்குங்கள்: குழியோ விளிம்போ இருந்தால் அப்போது காட்டிக்கொடுக்கும். இரண்டையும் 100 விழுக்காடு அளவில் மட்டும் பாருங்கள். சுருக்கிப் பார்த்தால் உங்கள் திரையே புதிய மொய்ரேயை உண்டாக்கி ஏமாற்றும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள், அது ஏற்கெனவே சுருங்கியது. மூலப் படத்தில் திருத்தி, லேயர்களை ஒன்றாக்கி, அதன் பிறகே ஆல்பம் அளவுக்கு மாற்றுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இந்தக் கைவேலை நம் வீட்டு ஆல்பத்துக்கு. மனோர் பார்க் ரயில் நிலையத்தின் நேரப்பலகையையோ நகைக்கடை விலைப்பலகையையோ படமெடுத்து, எண்ணை மாற்றி, பணம் கேட்டு அனுப்பினால் அது 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டப்படி குற்றம். யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட எளிய வழி, பிழை படத்துக்குள் வராமலே தடுப்பது. முதல் விருந்தினர் வருமுன் எல்.இ.டி. சுவரை இயக்குபவரிடம் எழுத்துகளைத் திரையிடச் சொல்லி, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை நிறுத்தி வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள். அதோடு, வெற்று வெள்ளைத் திரையையும் ஒரு நிமிடம் ஒளிரவிட்டு, முக்காலியில் கேமராவை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே முக்காலியில், அசையாமல், அதே லென்ஸில், ஜூமையும் குவியத்தையும் மாற்றாமல் எடுத்த மேடைப் படங்கள் அனைத்துக்கும் சரியான இடத்தில் சரியான நிறம் அந்த ஒரே படத்தில் கிடைத்துவிடும்.